எட்டு வார ஓய்வில் ஒரு சிறு தொழிலின் இன்ஸ்டாகிராம் கணக்கை நடத்துவது எப்படி: முன்கூட்டியே தயாரித்த பதிவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

என் அண்ணி கும்பகோணத்தில் வீட்டிலேயே ஆரி வேலைப்பாட்டுடன் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். அவருக்குக் கடை கிடையாது; பெயர்ப்பலகையும் கிடையாது. வருகிற ஆர்டர்களில் பெரும்பகுதி இன்ஸ்டாகிராம் கணக்கைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் பேசுகிறவர்களிடமிருந்தே வருகிறது. புரட்டாசி மாதத் தொடக்கத்தில் அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை என்றும், அதன் பிறகு எட்டு வாரங்கள் குனிந்து உட்கார்ந்து ஊசி பிடிக்கக் கூடாது என்றும் மருத்துவர் கூறியபோது, "கணக்கு செத்துப்போயிடுமேப்பா" என்பதுதான் அவர் என்னிடம் முதலில் சொன்ன கவலை. அந்த எட்டு வாரங்களுக்கு நாங்கள் செய்த ஏற்பாட்டை, செய்த தவறுகளையும் சேர்த்து, வரிசைப்படி இங்கே எழுதுகிறேன். கேக் செய்பவர், பொடி வகைகள் விற்பவர், மெஹந்தி போடுபவர் எனத் தனி ஆளாகத் தொழில் நடத்தும் எவருக்கும் இந்த வரிசை பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பதிவுகளை முன்கூட்டியே தயாரித்து, குறித்த நேரத்தில் தானாக வெளியாகும்படி வைப்பது எளிய வேலை. இரண்டு நாளில் முடிந்துவிடும். சுமை பதிவில் இல்லை, அந்தப் பதிவு வரவழைக்கிற கேள்விகளில் இருக்கிறது. இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். முந்தைய ஆண்டில் அண்ணி பத்து நாள் வெளியூர் சென்றிருந்தபோது, விலையுடன் கூடிய ஒரு சலுகைப் பதிவு ஏற்கெனவே வைத்திருந்த நேரத்தில் வெளியாகிவிட்டது. மறுநாள் காலைக்குள் முப்பதுக்கும் மேற்பட்டோர் விசாரித்திருந்தார்கள். பதில் சொல்ல ஆளில்லை. "போஸ்ட் மட்டும் போடத் தெரியுது, பதில் சொல்லத் தெரியாதா?" என்று ஒருவர் பொதுவிலேயே எழுதிவிட்டுப் போனார். ஆகவே, ஓய்வுக்காலத்துப் பதிவு என்பது, உரிமையாளர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியை எழுப்பாத பதிவாக இருக்க வேண்டும். இனி வருகிற படிகள் எல்லாம் இந்த ஒரு விதியைச் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: காத்திருப்பவர்களிடம் நேரில் பேசுங்கள்

கேமராவை எடுப்பதற்கு முன் ஆர்டர் நோட்டை எடுங்கள். அண்ணியின் நோட்டில் அப்போது பதினொரு ப்ளவுஸ்கள் முடியாமல் இருந்தன. அவற்றில் ஆறை அறுவை சிகிச்சைக்கு முன் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டோம். தீபாவளிக்கு வேண்டும் என்று கேட்டிருந்த மூன்றை, துணி கொடுத்தவர்களின் சம்மதத்தோடு, தெரிந்த இன்னொரு தையல்காரரிடம் ஒப்படைத்தோம். மீதி இரண்டு தை மாதத் திருமணத்துக்கானவை என்பதால் தள்ளிவைத்தோம். பதினொரு பேருக்கும் அண்ணியே தொலைபேசியில் பேசினார்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. கொடுத்த துணி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காத்திருக்கும் ஒருவர், உங்கள் கணக்கில் புதிய பதிவு ஒன்றைப் பார்த்தால், அது மூன்று வாரங்களுக்கு முன் தயாரித்தது என்று எண்ண மாட்டார். இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, என் ப்ளவுஸுக்கு மட்டும் நேரமில்லையா என்றுதான் நினைப்பார். கணக்கு உயிர்ப்புடன் இருப்பதே அவருக்குக் கோபமூட்டும். அட்வான்ஸ் வாங்கிய ஒருவர்கூட விவரம் தெரியாமல் இருக்கக் கூடாது. நோயின் பெயரையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை; "உடல்நலக் காரணமாக எட்டு வாரம் ஓய்வு" என்பதே போதும்.

பணம் கொடுத்து விளம்பரப்படுத்திய பதிவு ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால், அதையும் இந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் படி: எத்தனை பதிவுகள், எந்த நாட்கள்

அண்ணி வழக்கமாக வாரத்துக்கு ஐந்து பதிவுகள் இடுவார். ஓய்வுக்காலத்தில் அதே வேகத்தைக் காட்ட முயன்றால் நாற்பது பதிவுகள் தேவைப்படும். அறுவை சிகிச்சைக்கு முன்பே அவர் களைத்துப்போவார். வாரத்துக்கு இரண்டு என்று குறைத்து, செவ்வாயும் வெள்ளியும் என்று நிலைப்படுத்தினோம். எட்டு வாரத்துக்குப் பதினாறு. தேறுவதற்குத் தாமதமானால் பயன்படட்டும் என்று கூடுதலாக நான்கு. ஆக மொத்தம் இருபது.

தேதிக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். இன்ஸ்டாகிராம் செயலியிலேயே தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர்கள் பதிவுகளை 75 நாட்கள் வரை முன்கூட்டி வைக்கலாம். அறுவை சிகிச்சை செப்டம்பர் 21. திரும்பும் நாள் நவம்பர் 16, அதாவது கார்த்திகை பிறக்கும் சமயம். செப்டம்பர் 10 அன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் வைத்தால், நவம்பர் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 66 நாட்கள், எல்லைக்குள் அடங்கிவிடும். ஒரு மாதம் முன்னதாகவே சுறுசுறுப்பாக உட்கார்ந்திருந்தால் கடைசி ஆறேழு பதிவுகளை ஏற்க மறுத்திருக்கும். இரண்டரை மாதத்துக்கு மேல் ஓய்வு தேவைப்படுபவர்கள், நடுவில் ஒருமுறை மீதியை ஏற்றி வைக்க ஓர் ஆளை முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

வெளியாகும் நேரத்தைப் பொறுத்தவரை, அதிகம் பேர் பார்க்கும் நேரம் எது என்று ஆராய வேண்டாம். உங்களுக்கு உதவப்போகிறவர் ஓய்வாக இருக்கும் நேரம் எது என்று பாருங்கள். எங்களுக்கு உதவியவர் அண்ணியின் தங்கை. அவர் வேலை முடிந்து வீடு திரும்பி ஏழரை மணிக்குத்தான் கைபேசியைப் பார்ப்பார். ஆகவே எல்லாப் பதிவுகளையும் இரவு எட்டு மணிக்கு வைத்தோம். எட்டேகால் வரை வரும் முதல் சில கருத்துகளை அவர் பார்த்துவிட்டால், அன்றைய வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

மூன்றாம் படி: எதைப் பதிவிடுவது

புதிய வடிவமைப்பு, விலை, சலுகை, "இன்னும் இரண்டு மட்டுமே உள்ளது" போன்றவை அனைத்தையும் விலக்கினோம். அவை கேள்வியை வரவழைப்பவை. எஞ்சியவற்றில் மூன்று வகை மிகவும் உதவின.

முதலாவது பராமரிப்பு. ஆரி வேலை செய்த ப்ளவுஸை ஹேங்கரில் தொங்கவிட்டால் பாசி, கல் ஆகியவற்றின் கனத்தில் துணி இழுபடும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். சென்ட்டை ஜரியின் மேல் நேராக அடித்தால் கறுத்துப்போகும். இப்படி ஆறு பதிவுகள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இவை பயன்படுவதால் சேமித்துவைக்கிறார்கள், தோழிகளுக்கு அனுப்புகிறார்கள்; "விலை என்ன?" என்று கேட்பவர் மிகக் குறைவு.

இரண்டாவது, வாடிக்கையாளர் தாமே செய்துவைத்துக்கொள்ள வேண்டிய ஆயத்தம். அளவு ப்ளவுஸ் எப்படி இருக்க வேண்டும், கழுத்து ஆழத்தை எங்கிருந்து எங்கே அளப்பது, புடவையின் எந்தப் பகுதியைப் படமெடுத்து அனுப்பினால் நூல் நிறம் பொருத்த எளிதாக இருக்கும் என்பவை. இவை திரும்பி வந்தபின் ஆகிற வேலையையும் குறைத்தன. கார்த்திகையில் வந்த ஆர்டர்களில் பலர் சரியான படத்தோடே வந்தார்கள்.

மூன்றாவது, முடித்த வேலையை நெருங்கிக் காட்டும் படமும் காணொளியும். இதுதான் ஆபத்தான வகை, ஏனெனில் ஆசையைத் தூண்டும். ஆனால் இது இல்லாவிட்டால் கணக்கு வெறும் பாடப்புத்தகமாகிவிடும். எனவே ஐந்து மட்டும் வைத்தோம். ஒவ்வொன்றின் கேப்ஷனிலும் முதல் வரியிலேயே நிலவரத்தைச் சொல்லிவிட்டோம். ஒன்று இப்படி இருந்தது:

"ஆடி மாதம் முடித்துக் கொடுத்த ப்ளவுஸ் இது. தற்போது புதிய ஆர்டர் எடுக்கவில்லை. மீண்டும் தொடங்கும் நாள் முகப்புக் குறிப்பில் உள்ளது. கழுத்தைச் சுற்றி ஓடுகிற கொடி, ஒற்றை ஜரி நூலில் சங்கிலித் தையலாகப் போட்டது. இலைக்குள் நிரப்பியிருப்பது இரண்டு பச்சை நிறப் பட்டு நூல்கள்."

இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். அதில் தேதி இல்லை. இருபது கேப்ஷன்களில் எதிலுமே தேதி எழுதவில்லை. திரும்பும் நாளை மூன்றே இடங்களில் மட்டும் எழுதினோம்: இன்ஸ்டாகிராம் முகப்புக் குறிப்பு, மேலே நிலைநிறுத்திய ஒரு பதிவு, வாட்ஸ்அப் தானியங்கிப் பதில். இந்த ஏற்பாட்டின் பலன் பிறகு தெரிந்தது.

மீதி பதிவுகளில் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துகள் அடங்கும். வாழ்த்துப் படத்தில் ஆண்டு எண்ணைப் போடாமல் விட்டால், பயன்படுத்தாத படம் அடுத்த ஆண்டுக்கு உதவும்.

படமெடுப்பதற்கு இரண்டு காலைப் பொழுதுகள் போதுமாக இருந்தன. அலமாரியிலிருந்த ஏழு ப்ளவுஸ்களை எடுத்து, கிழக்கு ஜன்னலோரம் ஒரே பலகையின் மேல் விரித்து, ஒவ்வொன்றையும் முழுமையாக ஒருமுறை, கழுத்து, கை, முதுகு என்று நெருங்கி மூன்று முறை எடுத்தோம். எல்லாப் படங்களும் ஒரே நாளில் எடுத்தவை போலத் தெரியாதிருக்க, கீழே விரிக்கும் துணியை மட்டும் மூன்று முறை மாற்றினோம். கேப்ஷன்களைச் செயலிக்குள் நேராகத் தட்டாமல் முதலில் ஒரு தாளில் எழுதி, உதவியாளரைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் அவருக்கு ஒரு கேள்வி தோன்றினால், வாடிக்கையாளருக்கும் அதே கேள்வி தோன்றும். அதற்கான பதிலைக் கேப்ஷனிலேயே சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: ஏற்றி வைத்தலும் ஒத்திகையும்

இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக் பக்கத்தையும் இணைத்து வைத்திருப்பவர்கள் `Meta Business Suite` மூலம் ஏற்றுவது நல்லது; ஆனால் 75 நாள் எல்லை இன்ஸ்டாகிராம் செயலிக்கு உரியது என்பதால், இதில் எத்தனை நாட்கள் வரை முன்கூட்டி வைக்கலாம் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் `Planner` பகுதியில் எல்லாப் பதிவுகளும் மாத நாட்காட்டியில் படங்களாகத் தெரியும். உதவியாளர் ஒரே பார்வையில் அடுத்து வருவது எது என்று அறியலாம், இழுத்து வேறு நாளுக்கு மாற்றலாம், நிறுத்தலாம்.

கடவுச்சொல்லை உதவியாளரிடம் கொடுத்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். அது இரண்டு விதங்களில் சிக்கலாகும். புதிய கைபேசியிலிருந்து உள்ளே நுழையும்போது சரிபார்ப்பு எண் ஒன்று உரிமையாளரின் கைபேசிக்குப் போகும். அந்தக் கைபேசி மருத்துவமனையில் யாரோ ஒருவர் பையில் இருக்கும். தவிர, நடுவில் கடவுச்சொல்லை மாற்ற நேர்ந்தால் இரண்டு கணக்குகளுக்குமான இணைப்பு அறுந்து, வைத்திருந்த பதிவுகள் வெளியாகாமல் போக வாய்ப்புண்டு. அதற்குப் பதிலாக, அமைப்புகளில் உதவியாளரைத் தனி ஆளாகச் சேர்த்து, பதிவுகளையும் செய்திகளையும் கையாளும் அனுமதியை மட்டும் கொடுங்கள். அவர் தமது சொந்தக் கணக்கிலிருந்தே எல்லாவற்றையும் செய்யலாம்; ஓய்வு முடிந்ததும் நீக்கிவிடலாம்.

ஓய்வுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே முதல் இரண்டு பதிவுகளை இந்த முறையில் வெளியாக விடுங்கள். எங்கள் ஒத்திகையில், ஒரு காணொளியின் ஓரம் வெட்டப்பட்டு, எழுத்து பாதி மறைந்து வெளியானது. அண்ணி பக்கத்தில் இருந்ததால் அரை மணி நேரத்தில் சரிசெய்தோம். வெளியானதா என்பதை `Planner` காட்டுவதை மட்டும் நம்பாமல், வேறொரு கணக்கிலிருந்து முகப்புப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்ப்பதே உறுதி.

ஐந்தாம் படி: வாட்ஸ்அப்பைத் தயார்செய்தல்

பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் `Away message` என்ற வசதி உண்டு. அதில் மூன்று தெரிவுகள் இருக்கின்றன. `Custom schedule` என்பதைத் தேர்ந்து, தொடக்க நாளையும் முடிவு நாளையும் கொடுத்துவிட்டால், முடிவு நாளில் தானாகவே நின்றுவிடும். `Always send` என்பதைத் தேர்ந்தால், திரும்பி வந்தபின் அணைக்க மறந்து, வேலைக்கு வந்த பிறகும் "ஓய்வில் இருக்கிறேன்" என்று பதில் போய்க்கொண்டே இருக்கும்.

நாங்கள் வைத்த வாசகம் இது: "வணக்கம். உடல்நலக் காரணமாக நவம்பர் 16 வரை புதிய ஆர்டர் எடுக்கவில்லை. தை முகூர்த்தத்துக்கு வேண்டுமானால் உங்கள் பெயரையும் திருமணத் தேதியையும் இங்கே எழுதி வையுங்கள். எழுதிய வரிசையிலேயே நானே அழைக்கிறேன். ஏற்கெனவே துணி கொடுத்தவர்கள் 'துணி' என்று மட்டும் அனுப்புங்கள், என் தங்கை இரவில் பதில் சொல்வார்." கேட்பவர் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அது கொடுக்கிறது, அவசரமானவர்களைத் தனியே பிரிக்கிறது. 'துணி' என்று வந்த செய்திகளை மட்டும் தங்கை தேடிப் பார்த்தால் போதும்.

`Greeting message` என்ற இன்னொரு தானியங்கிச் செய்தியை அணைத்துவிடுங்கள். முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாட்கள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும் அது போகும். "விரைவில் பதிலளிக்கிறோம்" என்று அதில் பழைய வாசகம் இருந்தால், அடுத்தடுத்து வரும் இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று மறுக்கும்.

அடுத்தது கைபேசி. தொழில் எண் இருக்கும் கைபேசி இணையத்தில் இணைந்திருந்தால்தான் `Away message` போகும். கைபேசியை அணைத்து மருத்துவமனை அலமாரியில் வைத்துவிட்டால் தானியங்கிப் பதிலும் சேர்ந்து உறங்கிவிடும். ஆகவே அந்தக் கைபேசியை வீட்டில் சார்ஜில், வைஃபையில் விட்டுவிட்டு, மருத்துவமனைக்கு வேறு கைபேசியைக் கொண்டு செல்வதே சரி. தங்கையின் கைபேசியில் `Linked devices` மூலம் அதே எண்ணை இணைத்துக்கொடுத்தோம். முதன்மைக் கைபேசியை 14 நாட்களுக்கு மேல் யாரும் தொடாவிட்டால் இணைத்த கருவிகள் தாமாகத் துண்டிக்கப்படும். இதைத் தவிர்க்க, ஞாயிறுதோறும் வீட்டில் ஒருவர் அந்தக் கைபேசியில் வாட்ஸ்அப்பை ஒருமுறை திறந்துவிட வேண்டும் என்று குளிர்பதனப் பெட்டியின் மேல் சீட்டு ஒட்டினோம். சிம் கார்டின் ரீசார்ஜும் நினைவில் இருக்கட்டும். 28 நாள் திட்டம் நடுவில் முடிந்துவிடும். 84 நாள் திட்டம் போட்டுவிட்டால் எட்டு வாரமும் கவலையில்லை.

கூகுள் வரைபடத்தில் உங்கள் இடம் பதிவாகியிருந்து, துணியோடு நேரில் வருபவர்களும் உண்டு என்றால், தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது என்று அங்கேயும் குறித்துவிடுங்கள். வெயிலில் வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மறக்க மாட்டார்.

ஓய்வுக்காலத்தில் உதவியாளரின் வேலை

செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணிக்குக் கால் மணி நேரம், மற்ற நாட்களில் 'துணி' செய்திகளைப் பார்க்கப் பத்து நிமிடம் என்று வரையறுத்தோம். விலை, தேதி, வடிவமைப்பு பற்றி எதையும் அவர் உறுதிசொல்லக் கூடாது. "அக்கா வந்ததும் அழைப்பார்" என்பது மட்டுமே பதில். அன்புக்காக "செய்து தரச் சொல்கிறேன்" என்று ஒரு வார்த்தை விட்டால், படுக்கையில் இருப்பவர் தலையில் அது கடனாக ஏறும்.

அவருக்கு இன்னொரு அதிகாரமும் கொடுத்தோம்: யாரையும் கேட்காமல் ஒரு பதிவை நிறுத்திவைக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஊரெல்லாம் தண்ணீர் நிற்கும் இரவில் பட்டு ப்ளவுஸின் பளபளப்பான காணொளி வெளியானால், அது தானாக வெளியானது என்று யாருக்கும் தெரியாது. மனமில்லாதவர் என்றே எண்ணுவார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து மழை விடவில்லை, பள்ளிகளுக்கு விடுமுறை. தங்கை மாலையிலேயே அன்றைய பதிவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார். ஒரு பதிவு வராததை எவரும் கவனிக்கவில்லை.

ஓய்வு நீண்டால்

அண்ணிக்குத் தையல் பிரித்த இடம் ஆறத் தாமதமானது. மருத்துவர் மேலும் 12 நாட்கள் சொன்னார். நவம்பர் 16 என்பது 28 ஆயிற்று. இருபது கேப்ஷன்களிலும் தேதி எழுதியிருந்தால் வெளியான பதிவுகளை எல்லாம் தோண்டித் திருத்தியிருக்க வேண்டும். மூன்று இடங்களில்தான் இருந்தது என்பதால் தங்கை பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார். `Away message` முடிவு நாளையும் நீட்டினார். கையிருப்பில் இருந்த நான்கு பதிவுகளில் மூன்று அந்த நாட்களுக்குச் சென்றன. தை மாதத்துக்குப் பெயர் எழுதி வைத்திருந்தவர்களுக்கு மட்டும் புதிய தேதியைத் தனித்தனியாக அனுப்பினோம், ஏனெனில் அவர்கள் பழைய தேதியை ஏற்கெனவே படித்துவிட்டவர்கள்.

திரும்பும் வாரம்

முதல் இரண்டு நாட்கள் எதையும் பதிவிட வேண்டாம். பெயர் எழுதியவர்களை எழுதிய வரிசையில் அழையுங்கள். அண்ணிக்கு அப்படி இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன, அவற்றில் பதினான்கு ஆர்டரானது. ஒரு நாளைக்கு ஆறு அழைப்புகளுக்கு மேல் வேண்டாம் என்று நாங்கள் தடுத்தும், முதல் நாளே அவர் ஒன்பது பேரிடம் பேசி முடித்து, மாலையில் முதுகு வலி என்று படுத்துவிட்டார்.

பிறகு முகப்புக் குறிப்பைத் திருத்துங்கள், நிலைநிறுத்திய பதிவை எடுத்துவிடுங்கள், வரைபடத்தில் மீண்டும் திறந்ததாகக் குறியுங்கள், உதவியாளருக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். கடைசியாக, சொந்தக் கையால் முதல் பதிவை இடுவதற்கு முன் `Planner` நாட்காட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். மழைக்காகத் தள்ளிவைத்த அந்த வெள்ளிக்கிழமைப் பதிவை மீண்டும் ஒருமுறை தள்ளியது எங்களுக்கு நினைவில்லை; டிசம்பர் முதல் செவ்வாய் இரவு, அண்ணி புதிய ஆர்டர்களை அறிவித்த நான்கு மணி நேரத்தில், "தற்போது புதிய ஆர்டர் எடுக்கவில்லை" என்ற முதல் வரியோடு அது வெளியானது.